டிரைமேப் போட்டும் மணப்பெண்ணின் வெயிலுக்குள் தென்னை மரம் தெரிகிறது

நொய்யல்கரை · செவ்வாய், இரவு 9.40

வணக்கம். கோவையில் ஒரு ஸ்டுடியோவுக்கு ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கிறேன். போன வாரம் ஒரு சர்ச் கல்யாணம். வெளிப்புறப் படங்களைப் பொள்ளாச்சி தாண்டி ஒரு தென்னந்தோப்பில் எடுத்திருக்கிறார்கள். கணவாய்க் காற்று சும்மா விடுமா? முடி ஒரு பக்கம் பறக்கிறது, வெயில் இன்னொரு பக்கம் பறக்கிறது. படம் அழகுதான். ஆனால் அட்டைப் படத்துக்குப் பெண்ணை மட்டும் வெட்டி, பின்னால் வெறும் ரோஸ் நிறம் வைக்கச் சொல்கிறார்கள்.

ஆள் மாஸ்க் தானாக எடுத்தேன். அதைக் கொஞ்சம் அரித்து, கொஞ்சம் ஊதி, நடுவில் வரும் பட்டையைச் சாம்பலாக்கி டிரைமேப் செய்தேன்: ஆள் வெள்ளை, பின்னணி கறுப்பு, சந்தேகமான இடம் சாம்பல். பிறகு ஒவ்வொரு பிக்சலிலும் ஆளின் பங்கு எவ்வளவு என்று 0 முதல் 1 வரை சொல்லும் ஆல்பா.

```python
fg = cv2.erode((m > 240).astype(np.uint8), k, iterations=10)
bg = cv2.dilate((m > 10).astype(np.uint8), k, iterations=10)
tri = np.full(m.shape, 128, np.uint8)
tri[fg == 1] = 255
tri[bg == 0] = 0
```

வெயில் முழுக்கத் துணி மாதிரி கெட்டியாக வந்துவிட்டது. அதற்குள் தென்னை ஓலை பச்சையாக அப்படியே தெரிகிறது. முடி ஓரத்திலும் பச்சைக் கோடு. எங்கே தப்பு?

தாராபுரத்தான் · செவ்வாய், இரவு 10.05

தம்பி, வெயிலில் எடுத்தாலே இந்தத் தொல்லை உண்டு. உச்சி வெயில் முடிக்குப் பின்னால் இருந்து அடித்தால் முடி ஓரம் எரிந்து வெள்ளையாகிவிடும். மாலை 5 மணிக்கு மேல் எடுக்கச் சொல்லுங்க, இல்லாவிட்டால் முன்னால் ஒரு தெர்மாகோல் பிடிக்கச் சொல்லுங்க. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

நொய்யல்கரை · செவ்வாய், இரவு 10.11

அண்ணா, நான் சொன்னது சூரிய வெயில் இல்லைங்க. மணப்பெண் தலையில் போடும் நெட்டு வெயில். இனி நெட்டு என்றே எழுதுகிறேன்.

தாராபுரத்தான் · செவ்வாய், இரவு 10.14

அட, சரி சரி. ஆனால் தெர்மாகோல் விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க.

மஞ்சமண்டி · செவ்வாய், இரவு 10.52

ஈரோட்டில் இதே வேலைதான் எனக்கும். 10 தடவை அரிப்பது எல்லாம் பெரிய படத்துக்குப் போதாது. 6000 பிக்சல் அகலப் படத்தில் பறக்கும் முடியே நூறு பிக்சல் நீளம் இருக்கும். அந்த முடி உங்கள் கறுப்புப் பகுதியில் போய் விழுந்திருக்கும், அதனால் வெட்டுப்பட்டிருக்கும். சாம்பல் பட்டையை 80 ஆக்குங்க, இரண்டு பக்கமும். முடி, நெட்டு எல்லாம் சரியாகிவிடும். நான் அப்படித்தான் எல்லாப் படத்துக்கும் செய்கிறேன்.

கடைசி பஸ் · புதன், காலை 6.30

மஞ்சமண்டி சொன்னதில் பாதி சரி, முடிக்கு மட்டும். நெட்டுக்கு 80 வைத்தாலும் 150 வைத்தாலும் நடுப்பகுதி தப்பிக்காது.

நொய்யல்கரை, உங்கள் டிரைமேப்பைத் திறந்து நெட்டு இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஆள் மாஸ்க் நெட்டையும் ஆளோடு சேர்த்திருக்கும். அரித்த பிறகும் நெட்டின் நடுப்பகுதி வெள்ளையாகத்தான் நிற்கும். சரியா என்று சொல்லுங்கள்.

டிரைமேப்பில் வெள்ளை என்பது நீங்கள் கொடுக்கும் வாக்கு. "இந்த இடத்தில் பின்னால் இருப்பது துளியும் தெரியவில்லை, இங்கே காண்கிற நிறம் முழுக்க ஆளுடையது" என்கிறீர்கள். ஆல்பா கணக்கிடும் நிரல் அந்த வாக்கைத் திரும்பச் சோதிக்காது. சாம்பலில் மட்டும்தான் அது வேலை செய்யும். நெட்டு வழியாகத் தெரிந்த ஓலையை நீங்களே "ஆள்" என்று கொடுத்துவிட்டீர்கள், அதுவும் ஆல்பா 1 என்று வைத்துவிட்டது.

நொய்யல்கரை · புதன், காலை 8.02

ஆமாங்க அக்கா. நெட்டு மொத்தமும் வெள்ளை, சுற்றி மட்டும் மெல்லிசாகச் சாம்பல். இப்போதே நெட்டு முழுவதையும் சாம்பலாக அடித்துப் பார்க்கிறேன்.

நொய்யல்கரை · புதன், காலை 9.20

அடித்தேன். பச்சை கொஞ்சம் குறைந்தது. ஆனால் இப்போது புதுக் கூத்து. நெட்டு நெற்றியையும் ஒரு கன்னத்தையும் மூடியபடி வருகிறது. அந்தக் கன்னத்துக்குள் ரோஸ் நிறம் தெரிகிறது! ஆல்பாவைத் தனியாகத் திறந்தால் கன்னத்தில் 0.8, 0.9 என்று திட்டுத் திட்டாக இருக்கிறது. பெண் வீட்டார் பார்த்தால் முடிந்தது கதை.

கடைசி பஸ் · புதன், காலை 9.45

இதில் சறுக்காதவர்கள் குறைவு. மெல்லிய துணி என்றாலே சாம்பல் என்று நினைத்துவிடுகிறோம்.

துணி மெல்லிசா, கெட்டியா என்று பார்க்காதீர்கள். அதன் வழியாக என்ன தெரிகிறது என்று மட்டும் பாருங்கள். நெட்டுக்குப் பின்னால் கன்னம் தெரிந்தால் அது வெள்ளை, ஏனென்றால் கன்னமும் ஆள்தான், நெட்டும் ஆள்தான். பின்னணி அங்கே ஒரு துளியும் கலக்கவில்லை. நெட்டுக்குப் பின்னால் கவுன் தெரிந்தாலும் வெள்ளை, கொண்டை தெரிந்தாலும் வெள்ளை. தோப்பு தெரிகிற இடம் மட்டும் சாம்பல்.

அதனால் நெட்டுக்குத் தனியாக ஒரு மாஸ்க் கையால் வரையுங்கள். உடலைத் தாண்டித் தொங்கும் பகுதி மட்டும் அதில் வரட்டும். உடல் விளிம்பை ஒட்டி ஒரு இருபது பிக்சல் உள்ளே தள்ளி வந்தால் போதும், விளிம்பை நிரல் கண்டுபிடித்துக்கொள்ளும்.

```python
v = cv2.imread("veil_free.png", 0)
tri[v > 127] = 128
cv2.imwrite("trimap.png", tri)
```

முடிக்கு மஞ்சமண்டி சொன்னபடி பட்டையை அகலமாக்குங்கள். ஆனால் சுற்றிலும் ஒரே அகலம் வேண்டாம். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று உங்களுக்குத் தெரியும். முடி பறக்கும் பக்கம் மிக நீளமான இழையை அளந்து, அதற்கும் கொஞ்சம் மேலே வரையுங்கள். மறுபக்கம் 20 போதும். தோள், கை, இடுப்பு எல்லாவற்றுக்கும் 80 வைத்தால் நிரல் தெரிந்த இடத்தைக்கூட ஊகிக்கத் தொடங்கும். ஊகம் கூடினால் தப்பும் கூடும்.

மஞ்சமண்டி · புதன், காலை 10.30

தோளில் 80 வைத்து எனக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லைங்க.

கடைசி பஸ் · புதன், காலை 10.41

நீங்கள் ஸ்டுடியோவுக்குள், நீலத் திரை முன்னால் எடுத்த படங்களை வெட்டுகிறீர்களோ? அங்கே தப்பு மறைந்துவிடும். புடவை பச்சை, பின்னால் தோப்பு என்று ஒருமுறை வெட்டிப் பாருங்கள், தோளில் ஓட்டை விழும்.

மஞ்சமண்டி · புதன், காலை 10.55

திரை முன்னால் எடுத்ததுதான். பார்க்கிறேன்.

அவிநாசி ரோடு · புதன், மதியம் 12.15

ஒரு சின்ன விஷயம். டிரைமேப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி வாங்காதீர்கள். அது ஜேபெக் ஆகி, சுருங்கியும் வரும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே இல்லாத சாம்பல் முளைக்கும். எங்கள் ஆபீஸில் ஒரு நாள் முழுக்க இதைத் தேடினோம். பிஎன்ஜி கோப்பை டாக்குமெண்டாக அனுப்புங்கள். அளவு மாற்ற வேண்டியிருந்தால் `cv2.INTER_NEAREST` மட்டும்.

நொய்யல்கரை · புதன், மாலை 6.50

கன்னம் சரியாகிவிட்டது அக்கா! முடியும் நிறைய மேல். காற்றுப் பக்கம் நீளமான இழை 140 பிக்சல் வந்தது, 160 வைத்தேன். பெரிய படத்தை அப்படியே கொடுத்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது, அதனால் தலை முதல் இடுப்பு வரை மட்டும் வெட்டி எடுத்து ஓட்டினேன்.

மீதி இருப்பது இரண்டு. ஒன்று, ஆல்பாவைக் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தால் தொங்கும் நெட்டுக்குள் ஓலையின் கோடு கோடான வடிவம் மங்கலாகத் தெரிகிறது. இரண்டு, ரோஸ் மேல் வைத்தால் நெட்டு அழுக்காக இருக்கிறது. வெள்ளை நெட்டு, ஆனால் ஏதோ டீ கொட்டிய மாதிரி.

ஒரு பிக்சலை எடுத்துக் கையால் கணக்குப் போட்டேன். நெட்டு வழியாகத் தெரியும் இடத்தில் நிறம் (147, 160, 138). அதற்குப் பக்கத்தில் நெட்டு இல்லாத ஓலை (70, 110, 50). நெட்டு நன்றாக மடிந்து கெட்டியாக இருக்கும் இடம் (235, 232, 228). ஆல்பாவுக்குக் கண்ட நிறத்திலிருந்து ஓலையைக் கழித்து, நெட்டிலிருந்து ஓலையைக் கழித்ததால் வகுத்தேன்:

```
R: (147-70)/(235-70)   = 0.47
G: (160-110)/(232-110) = 0.41
B: (138-50)/(228-50)   = 0.49
```

மூன்றும் மூன்று விடை. ஒரு நெட்டுக்கு எப்படி மூன்று ஆல்பா வரும்?

கடைசி பஸ் · புதன், இரவு 8.30

கையால் கணக்குப் போட்டது நல்ல வேலை. அந்த மூன்று விடையில்தான் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. முதலில் ஓலைக் கோடு.

சாம்பல் பகுதி பெரிதாக இருக்கும்போது நிரலுக்குப் பிடிமானம் வேண்டும். நீங்கள் ஓட்டுவது `estimate_alpha_cf` தானே? அது 3×3 ஜன்னலுக்குள் அக்கம் பக்கத்து நிறங்களைப் பார்த்து, தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு ஆல்பாவைக் கடத்திக்கொண்டே போகும். வாய்க்கால் தண்ணீர் மாதிரி. இடையில் ஓலையின் கூரான விளிம்பு வந்தால், அது நெட்டின் மடிப்பா, பின்னால் இருக்கும் ஓலையா என்று அதற்குத் தெரியாது. அதனால் ஆல்பாவிலேயே ஓலையை வரைந்துவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது, நடுவழியில் மடை வைப்பது. நெட்டின் ஓரத்தில் லேஸ் வேலைப்பாடு இருக்கிறதா? அது கெட்டியாக இருந்தால் அதன் நடுவில் மெல்லிசாக வெள்ளைக் கோடு போடுங்கள். நெட்டுக்கும் இடுப்புக்கும் நடுவே வெறும் தோப்பு தெரியும் ஓட்டை இருந்தால் அங்கே ஒரு கறுப்புப் பொட்டு வையுங்கள். ஊதிப் பெருக்கியபோது அந்த ஓட்டைகள் எல்லாம் சாம்பலில் மூழ்கியிருக்கும். இப்படி ஐந்தாறு இடத்தில் பிடிமானம் கொடுத்தாலே ஓலைக் கோடு பாதி அடங்கும். ஆனால் சந்தேகமான இடத்தில் வெள்ளை வைக்காதீர்கள். தப்பான வெள்ளைக்குச் சாம்பல் எவ்வளவோ மேல்.

அடுத்தது அழுக்கு. ஆல்பாவை எடுத்து, அசல் படத்தின் நிறத்தோடு சேர்த்துச் சேமித்தீர்களா?

நொய்யல்கரை · புதன், இரவு 8.36

ஆமாங்க. வேறு எந்த நிறம் இருக்கிறது?

கடைசி பஸ் · புதன், இரவு 9.15

அதுதான் டீ. படத்தில் நீங்கள் காணும் நிறம் நெட்டின் நிறம் இல்லை. நெட்டும் ஓலையும் கலந்த நிறம்.

```
I = αF + (1−α)B
```

I என்பது படத்தில் இருப்பது, F நெட்டின் சொந்த நிறம், B ஓலை. புதுப் பின்னணியில் வைக்கும்போது F வேண்டும். நீங்கள் I-யையே வைத்துவிட்டீர்கள். ஓலை ஒருமுறை உள்ளே வந்துவிட்டது, அதன் மேல் ரோஸும் சேர்ந்தது. முடி ஓரத்துப் பச்சையும் இதே வகைதான். ஆல்பா எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்தப் பச்சை போகாது. அதனால் சிலர் ஆல்பாவைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே இருப்பார்கள், பாவம்.

மூன்று விடை வந்ததற்கு வருகிறேன். மேலே உள்ள சமன்பாடு ஒளியின் அளவுக்குப் பொருந்தும். படக் கோப்பில் இருக்கும் 0 முதல் 255 வரையிலான எண் ஒளியின் அளவு இல்லை. கண்ணுக்கு ஏற்றபடி காமா வளைவில் வளைத்து வைத்த எண். அதை நேராக்கிவிட்டுப் பிறகு கழித்து வகுத்துப் பாருங்கள். உங்கள் எண்களைத்தான் போட்டேன்:

```
R: (0.292-0.061)/(0.831-0.061) = 0.30
G: (0.352-0.156)/(0.807-0.156) = 0.30
B: (0.254-0.032)/(0.776-0.032) = 0.30
```

மூன்றும் ஒன்றாகிவிட்டது பாருங்கள். உங்கள் நெட்டின் ஆல்பா 0.30. மூன்று வண்ணமும் ஒரே விடைக்கு வந்தால் நீங்கள் எடுத்த F, B இரண்டும் ஏறக்குறைய சரி என்று நம்பலாம். நேராக்கிய பிறகும் விலகினால், பக்கத்தில் எடுத்த ஓலை நெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓலை இல்லை என்று அர்த்தம்.

இப்போது ரோஸ் (214, 160, 165) மேல் வைப்போம். F-ஐ வைத்துக் கலந்தால் (221, 186, 187) வரும். வெள்ளை நெட்டு ரோஸை வெளுக்கிறது, அப்படித்தான் இருக்க வேண்டும். I-யை வைத்துக் கலந்தால் (197, 160, 158). ரோஸைவிடச் சிவப்பும் நீலமும் குறைந்துவிட்டன. வெள்ளை நெட்டு போட்டால் பின்னணி எப்படி இருண்டு போகும்? நீங்கள் பார்த்த அழுக்கு அதுதான்.

F-ஐ மதிப்பிட அதே நிரல்தொகுப்பில் வழி இருக்கிறது.

```python
from pymatting import *
I = load_image("crop.png", "RGB") ** 2.2
T = load_image("trimap.png", "GRAY")
a = estimate_alpha_cf(I, T)
F = estimate_foreground_ml(I, a)
save_image("cut.png", stack_images(F ** (1/2.2), a))
```

2.2 என்பது கிட்டத்தட்டதான். சுத்தமாக வேண்டுமென்றால் முழு எஸ்ஆர்ஜிபி வளைவைப் போடுங்கள். நான் மேலே போட்ட கணக்கு அந்த வளைவில்.

பின்னலாடை · வியாழன், காலை 7.10

திருப்பூரில் இருந்து. நாங்கள் குழந்தைகள் நெட் கவுனுக்குக் கேட்டலாக் செய்கிறோம். டிரைமேப் போட்டுப் போட்டுச் சலித்துப்போய் வேறு வழிக்கு வந்தோம். பொம்மைக்கு உடையை மாட்டி, கேமராவை ஸ்டாண்டில் இறுக்கி, ஃபேனை நிறுத்தி, அதே வெளிச்சத்தில் இரண்டு படம் எடுப்போம். ஒன்று வெள்ளைத் திரை முன்னால், ஒன்று கறுப்புத் திரை முன்னால். அப்புறம் ஆல்பா கழித்தல் வகுத்தலில் வந்துவிடும்:

```
α = 1 − (W − K)/(Bw − Bk)
```

W, K இரண்டும் நெட்டு வழியாகத் தெரிந்த நிறம், Bw, Bk வெறும் திரைகள். ஊகமே கிடையாது, டிரைமேப்பும் வேண்டாம்.

கடைசி பஸ் · வியாழன், காலை 7.35

1996-ல் ஸ்மித்தும் பிளின்னும் நீலத் திரைக் கட்டுரையில் எழுதிய வழி இது. ஒரே ஒரு படம் இருந்தால் பிக்சலுக்கு 7 தெரியாத எண், 3 சமன்பாடுதான். தெரியாதவை F-இல் மூன்று, B-இல் மூன்று, ஆல்பா ஒன்று. இரண்டு தெரிந்த திரை முன்னால் எடுத்தால் 4 தெரியாத எண்ணுக்கு 6 சமன்பாடு கிடைக்கும். அதனால்தான் ஊகம் வேண்டாம்.

ஆனால் காற்றில் பறக்கும் முடியோடு நிற்கும் பெண்ணை இரண்டு முறை அதே மாதிரி நிறுத்த முடியாதே.

பின்னலாடை · வியாழன், காலை 7.50

பெண்ணை நிறுத்தச் சொல்லவில்லைங்க. அந்த நெட்டு கையில் கிடைத்தால் போதும். ஒற்றை மடிப்பின் ஆல்பா என்ன என்று இரண்டு படம் எடுத்து அளந்துகொள்ளலாம். ஒற்றை மடிப்பு 0.30 என்றால், 70 சதம் ஒளி உள்ளே போகிறது. இரட்டை மடிப்பில் 0.7 × 0.7 = 0.49 போகும், ஆல்பா 0.51. மூன்று மடிப்பில் 0.66. டிரைமேப் கொடுக்கும் ஆல்பா இந்தப் படிகளை ஒட்டி வருகிறதா என்று பார்த்தால் எங்கே ஓலை ஏமாற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

நொய்யல்கரை · வியாழன், காலை 8.05

அண்ணா, நெட்டு எங்கள் ஸ்டுடியோவில்தான் இருக்கிறது! ஷூட்டுக்கென்றே வாங்கி வைத்தது, எல்லாக் கல்யாணத்துக்கும் அதேதான். (இது வெளியே தெரிய வேண்டாம்.) இன்றைக்கே அளக்கிறேன்.

நொய்யல்கரை · வியாழன், இரவு 9.30

அளந்தேன். ஒற்றை மடிப்பு 0.28 முதல் 0.31 வரை. அக்கா போட்ட 0.30 சரியாக வந்துவிட்டது, எனக்கே சிலிர்த்துவிட்டது. டிரைமேப்பில் லேஸ் ஓரத்தில் வெள்ளைக் கோடு, இடுப்புப் பக்கம் மூன்று கறுப்புப் பொட்டு வைத்தேன். ஆல்பாவில் பெரும்பாலான இடம் 0.3 பக்கம் வருகிறது, தோளுக்குப் பின்னால் இரண்டு மடிப்பு விழும் இடத்தில் 0.5. ஓலைக் கோடு மங்கிவிட்டது. F போட்டதும் டீயும் போய்விட்டது.

ஆனால் மேல் மூலையில் ஒரு இடம் மட்டும் ஆடுகிறது. 0.1-ம் வருகிறது, 0.7-ம் வருகிறது. அங்கே பின்னால் ஓலை இல்லை, வானம்.

கடைசி பஸ் · வியாழன், இரவு 9.50

வானம் வெளுத்த வானமா?

நொய்யல்கரை · வியாழன், இரவு 9.52

ஆமாம். (225, 226, 228).

கடைசி பஸ் · வியாழன், இரவு 10.10

அப்படியென்றால் அங்கே எந்தக் கணக்கும் உதவாது. நெட்டு (235, 232, 228), வானம் (225, 226, 228). நீங்கள் வகுக்கும் எண்ணைப் பாருங்கள், சிவப்பில் 10, பச்சையில் 6, நீலத்தில் பூஜ்யம். படத்தின் இரைச்சலே மூன்று நான்கு அலகு ஆடும். 3-ஐ 10-ஆல் வகுத்தால் ஆல்பா 0.3 ஆடிவிடும். வெள்ளைக்கு முன்னால் வெள்ளை. படத்திலேயே அந்தத் தகவல் இல்லை, டிரைமேப்பை எப்படி வரைந்தாலும் அது கிடைக்காது.

அங்கே மட்டும் நீங்கள் அளந்த 0.30-ஐக் கையால் போட்டுவிடுங்கள். மடிப்பு தெரிகிற இடத்தில் 0.51. கொஞ்சம் மென்மையாக்கி மற்ற இடத்தோடு சேருங்கள்.

தாராபுரத்தான் · வியாழன், இரவு 10.25

பார்த்தீர்களா, வெயில் பிரச்சினைதான்! வானம் எரிந்ததால் வந்த வினை. மாலை 5 மணிக்கு எடுத்திருந்தால் வானம் நீலமாக இருந்திருக்கும்.

கடைசி பஸ் · வியாழன், இரவு 10.31

இந்த மூலைக்கு அண்ணன் சொல்வது சரிதான். முடிக்கும் பொருந்தும். பின்னால் இருந்து வெயில் அடித்தால் கறுப்பு முடியின் ஓரம் வெள்ளையாகும். முடி ஒன்றுதான், உள்ளே ஒரு F, ஓரத்தில் வேறு F. அந்த வெள்ளையைப் பின்னணி என்று நினைத்து நிரல் அரித்துவிடும்.

மஞ்சமண்டி · வெள்ளி, காலை 11.00

பச்சைப் புடவை ஒன்றை எடுத்துச் செய்து பார்த்தேன். தோளில் ஓட்டை விழுந்தது. சரி, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்த நேராக்கும் விஷயத்தில் எனக்குச் சம்மதம் இல்லை. நீங்கள் ஒளிக்கணக்கில் 0.30 எடுக்கிறீர்கள். நொய்யல்கரை அந்த பிஎன்ஜியை ஆல்பம் சாஃப்ட்வேரில் போட்டால், அது காமா எண்ணிலேயே கலக்கும். அங்கே 0.30 போட்டால் நெட்டு காணாமல் போகும். கறுப்புப் பின்னணியில் போட்டுப் பாருங்கள், 235-இல் 0.30 என்றால் 70 தான் வரும். ஒளிக்கணக்கில் கலந்தால் 137. பாதிக்குப் பாதி! அதைவிட முதலிலேயே காமாவில் 0.46 என்று எடுத்தால் ஆல்பம் சாஃப்ட்வேரோடு ஒத்துப்போகுமே.

கடைசி பஸ் · வெள்ளி, மதியம் 1.20

நியாயமான கேள்வி. ரோஸ் மாதிரி வெளிர் பின்னணிக்கு இரண்டு வழியும் பக்கத்தில்தான் வரும். கரும்பச்சை, கறுப்பு என்று போனால் விலகும். காமாவில் 0.46 வைத்தால் அங்கே 108 வரும், அதுவும் 137 இல்லை. எந்தப் பின்னணிக்கும் பொருந்தும் ஒரே காமா ஆல்பா கிடையாது.

நான் பின்னணியையும் சேர்த்தே பைத்தானில் கலந்து, முடிந்த படமாகக் கொடுப்பேன். ஆல்பம் சாஃப்ட்வேரில் பின்னணி மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு அது ஒத்துவராது, அதுவும் உண்மை.

பின்னலாடை · வெள்ளி, மதியம் 2.00

நாங்கள் முடிக்குக் காமாவிலேயே விட்டுவிடுகிறோம், நெட்டுக்கு மட்டும் நேராக்குகிறோம். கறுப்பு முடியை நேராக்கினால் நிழலில் இருக்கும் இழைகள் எல்லாம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. சரியா தப்பா தெரியாது, கண்ணுக்கு நன்றாக இருக்கிறது.

கடைசி பஸ் · வெள்ளி, மதியம் 2.15

அதற்குக் கணக்கில் நியாயம் சொல்ல எனக்கு வராது. ஆனால் நானும் சில படத்தில் அப்படிச் செய்திருக்கிறேன்.

நொய்யல்கரை · வெள்ளி, இரவு 8.40

ரோஸ் ஒன்றுதான் என்று ஸ்டுடியோவில் முடிவாகிவிட்டது, அதனால் பைத்தானிலேயே கலந்து கொடுத்துவிட்டேன். வானத்து மூலையில் 0.30 அடித்தேன், யாருக்கும் தெரியாது. அனுப்பும் முன் ரோஸ், கறுப்பு, பளிச்சென்ற சிவப்பு மூன்றின் மேலும் வைத்துப் பார்த்தேன். ரோஸில் தெரியாத ஒரு தப்பு சிவப்பில் தெரிந்தது. இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு கொத்து முடி தொங்கும் நெட்டுக்குப் பின்னால் பறக்கிறது. நெட்டு, அதற்குப் பின்னால் முடி, அதற்குப் பின்னால் தோப்பு. அந்த இடத்தில் முடி பாதி காணவில்லை, மீதி பச்சை.

கடைசி பஸ் · வெள்ளி, இரவு 9.05

அங்கே F ஒன்று இல்லை, இரண்டு. வெள்ளை நெட்டும் கறுப்பு முடியும் பிக்சலுக்குப் பிக்சல் மாறுகின்றன. `estimate_foreground_ml` பக்கத்துப் பிக்சலின் நிறத்தோடு மென்மையாகச் சேர்த்துத்தான் F-ஐ எடுக்கும், அதனால் இரண்டையும் கலந்து சாம்பலாக்கிவிடும். `estimate_alpha_knn` போட்டுப் பாருங்கள், அது தூரத்தில் இருக்கும் ஒத்த நிறத்தையும் தேடும். முடி கொஞ்சம் திரும்பி வரலாம். வராமலும் போகலாம்.

நொய்யல்கரை · சனி, காலை 10.15

போட்டேன். முடி வந்தது, நெட்டில் புள்ளி புள்ளியாக ஏதோ வந்தது. அந்தக் கொத்தை மட்டும் அதிலிருந்து எடுத்து ஒட்டி, நான்கு இழையைக் கையால் வரைந்துவிட்டேன். திங்கட்கிழமை பிரிண்டுக்குப் போகிறது.

தாராபுரத்தான் · சனி, காலை 10.40

நல்லதுங்க தம்பி. ஒரு சந்தேகம். என்னிடம் பாஸ்போர்ட் படம் ஒன்று இருக்கிறது, நரைத்த முடி, பின்னால் வெள்ளைச் சுவர். அதை நீலப் பின்னணிக்கு மாற்ற வேண்டும். இதே முறையில் வருமா?

மஞ்சமண்டி · சனி, காலை 10.52

வெள்ளைக்கு முன்னால் வெள்ளை அண்ணா. அவரையே கூப்பிட்டு நீலத் திரை முன்னால் இன்னொரு படம் எடுத்துவிடுங்க.